மலைப் பள்ளிகளுக்கு ஆன்லைன் செஸ் போட்டி: ஏமாற்று இல்லாமல் நடத்தி முடிக்க ஒரு வழிகாட்டி

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஆனால் மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் அந்த 50 கிலோமீட்டர் அரை நாளைத் தின்றுவிடும். மஞ்சூர்ப் பிள்ளைகளை ஒரு செஸ் போட்டிக்காகக் குன்னூர் வரை கூட்டிவர வேண்டுமென்றால் விடியும் முன்பே எழுப்ப வேண்டும். அதனால்தான் ஆன்லைனில் நடத்தலாம் என்று இறங்கினோம். நான் கோத்தகிரியில் கணக்கு ஆசிரியர், பள்ளியின் செஸ் கிளப்பும் என் பொறுப்பு.

முதல் போட்டியில் எல்லாம் தப்பாகப் போனது. யார் எந்தப் பெயரில் ஆடுகிறார்கள் என்று தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் ஒன்று சொன்னது, பட்டியல் வேறொன்று சொன்னது. தவறே செய்யாத ஒரு ஏழாம் வகுப்பு மாணவியைப் போட்டியிலிருந்து நீக்கும் அளவுக்குப் போய்விட்டோம். இரண்டாவது போட்டியை 26 பிள்ளைகளோடு நடத்தினோம். உண்மையாகவே ஒரு ஏமாற்று நடந்தது. அதைப் பிடித்தோம், யாரையும் அவமானப்படுத்தாமல் முடித்தோம். இடையில் கற்றதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். நாங்கள் பயன்படுத்தியது லீசெஸ் தளம் (lichess.org). அது இலவசம், விளம்பரமும் கிடையாது.

1. எங்கே உட்கார்ந்து ஆடப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து ஆடட்டும் என்று விட்டால் உங்களால் எதையும் கண்காணிக்க முடியாது. 26 வீடுகளின் கேமராவை மூன்று ஆசிரியர்கள் பார்ப்பது நடக்காத காரியம். அதனால் ஊருக்கு ஒரு மையம் வையுங்கள். எங்களுக்குக் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர், மஞ்சூர் என ஐந்து மையங்கள். பள்ளியின் ஹைடெக் லேபோ கம்ப்யூட்டர் அறையோ போதும். 21 பிள்ளைகள் மையங்களிலும், எந்த வகையிலும் வர முடியாத 5 பேர் மட்டும் வீட்டிலும் ஆடினார்கள்.

மையத்தில் நேரில் ஒரு நடுவர் இருந்துவிட்டால் கேமரா, ஸ்கிரீன் ஷேர் எல்லாம் இரண்டாம்பட்சம். ஆனால் அந்த நடுவர் அந்தப் பள்ளி ஆசிரியராக இருக்கக் கூடாது. நல்ல ஆசிரியர்தான், ஆனாலும் தன் மாணவன் தோற்கப் போகும் நேரத்தில் "நல்லா யோசிடா" என்று சொல்லிவிடுவார். எங்கள் முதல் போட்டியில் அதுவே ஒரு புகாராக வந்தது. ஒரே ஊரின் இரண்டு பள்ளிகள் ஆசிரியர்களை மாற்றிக்கொள்ளட்டும். நடக்கிற தூரம்தான் என்பதால் செலவும் இல்லை.

தலைமை ஆசிரியரின் அனுமதிக் கடிதத்தைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே வாங்குங்கள். சனிக்கிழமை லேபைத் திறக்கச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். அதோடு அந்த லேபில் lichess.org திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில பள்ளி இணைப்புகள் விளையாட்டுத் தளங்களை மொத்தமாக அடைத்து வைத்திருக்கும். போட்டியன்று காலையில் அது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

2. நாளும் நேரமும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வேண்டாம். தென்மேற்கு மழையில் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை கோத்தகிரி, குன்னூரைப் பிடிக்கும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. எங்களுக்கு ஒத்துவந்தது ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரம். ஜனவரியில் உறைபனி விழும் என்பதால் காலை 10 மணிக்கு முன்னால் தொடங்காதீர்கள். விறைத்த விரலோடு மவுஸ் பிடிக்கிற பிள்ளை காயைத் தவறான கட்டத்தில் போட்டுவிடும், அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை ஐந்து ஊருக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒரு ஆளுக்கு 10 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 விநாடி கூடுதல், சுவிஸ் முறையில் 5 ரவுண்டு. இதுதான் எங்கள் அமைப்பு. சுவிஸ் முறையில் தோற்றவர் வெளியேறுவதில்லை, ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறத்தாழ ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதுவார்கள். 60 நகர்த்தல் வரை போகிற ஆட்டம் அதிகபட்சம் 30 நிமிடத்தில் முடியும்: இருவருக்கும் சேர்த்து 20 நிமிடம், கூடுதல் விநாடிகள் இன்னொரு 10 நிமிடம். 32 பேர் வரை 5 ரவுண்டு போதும், முழுப் புள்ளியோடு இரண்டு பேர் நிற்க மாட்டார்கள். ரவுண்டுகள் 10:00, 10:45, 11:30, 12:15, 1:00 என்று போகும். இரண்டு மணிக்குள் எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிடப் போகலாம்.

45 நிமிட இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். ரவுண்டுக்கு ஒரு லிங்க் என்று ஐந்து லிங்க் முன்பே போட்டு வைத்தால் சந்தா கட்டாமலே சமாளிக்கலாம்.

3. பெயர்ப் பதிவு: ஒரு பிள்ளைக்கு ஒரே கணக்கு

எங்கள் முதல் போட்டியின் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்கியது. அண்ணன் கணக்கில் தம்பி ஆடினான். ஒரு பிள்ளை காலையில் பாஸ்வேர்டு மறந்து புதுக் கணக்கு திறந்தது.

பதிவுக்கு மூன்று தாள் கேளுங்கள். முதலாவது, பள்ளி முத்திரையோடு மாணவர் பெயர், வகுப்பு, லீசெஸ் பயனர் பெயர் எழுதிய பட்டியல். இரண்டாவது, பள்ளி அடையாள அட்டையின் நகல். மூன்றாவது, பெற்றோர் ஒப்புதல் கடிதம். கேமராவில் பதிவு செய்வோம், திரையைப் பார்ப்போம், ஆட்டங்களை ஆராய்வோம், இத்தனை நாளில் அழிப்போம் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்களைப் பற்றிய தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், பின்னால் தகராறு வந்தால் அந்தக் கையெழுத்துதான் உங்களைக் காப்பாற்றும். வாட்ஸ்அப்பில் "ஓகே சார்" என்று வந்ததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்குகளைப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே திறக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் இதே 10 நிமிட நேரத்தில் குறைந்தது 10 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். புதுக் கணக்கு எல்லாமே ஒரே மதிப்பெண்ணில் தொடங்குவதால், ஆடாமல் வந்தால் முதல் ரவுண்டு ஜோடி குலுக்கல் மாதிரி ஆகிவிடும். அதைவிட முக்கியமாக, அந்தப் பத்து ஆட்டமும் அந்தப் பிள்ளை வழக்கமாக எப்படி ஆடும் என்பதைக் காட்டும். பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் உங்களிடம் இருக்காது.

கம்ப்யூட்டர் அறையில் ஒரே காலையில் பன்னிரண்டு கணக்கு திறக்க முயலாதீர்கள். ஒரே இணைப்பிலிருந்து அடுத்தடுத்துத் திறந்தபோது எங்களைத் தளம் பாதியில் நிறுத்திவிட்டது. பயனர் பெயரையும் யோசித்து வைக்கச் சொல்லுங்கள், பின்னால் மாற்ற முடியாது. பிள்ளையின் முழுப் பெயர் அதில் வேண்டாம். ஊரின் சுருக்கமும் ஒரு எண்ணும் போதும்.

4. தளத்தில் போட்டியை அமைப்பது

லீசெஸில் முதலில் ஒரு அணி தொடங்க வேண்டும், அதற்குள்தான் சுவிஸ் போட்டி வைக்க முடியும். அரினா என்று இன்னொரு வகை உண்டு, அது வேண்டாம். அதில் சீக்கிரம் முடித்தவர் உடனே அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார், உங்களால் யாரையும் சோதிக்க முடியாது.

அமைக்கும்போது நான்கு இடங்களைக் கவனியுங்கள். அனுமதிக்கப்பட்ட பயனர் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதும் பெட்டியில் உங்கள் 26 பெயரையும் போட்டுவிட்டால் வெளியாள் நுழைய முடியாது. அடுத்து, யார் யாரோடு ஆடக் கூடாது என்று எழுதும் பெட்டி. இதில் ஒரு வரிக்கு இரண்டு பெயர். அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஜோடிகளைக் கட்டாயம் போடுங்கள். ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்களையும் போடலாம். கடைசி ரவுண்டில் சக மாணவனுக்கு விட்டுக்கொடுப்பதும் ஏமாற்றுதான், பலர் அப்படி நினைப்பதில்லை. மூன்றாவதாக அரட்டைப் பெட்டி. அதை அணித் தலைவர்கள் மட்டும் எழுதும்படி வையுங்கள், இல்லையென்றால் வேடிக்கை பார்ப்பவர்கள் அதிலேயே நகர்த்தல் சொல்வார்கள். நான்காவது, ரவுண்டு நேரம். தானாகத் தொடங்க விடாமல், ஒவ்வொரு ரவுண்டையும் நீங்களே நேரம் குறித்துத் தொடங்கும்படி வையுங்கள்.

தளத்தின் சில விதிகளைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சுவிஸில் 30 நகர்த்தலுக்கு முன் டிரா கேட்க முடியாது. வராத ஆளுக்குக் கடிகாரம் ஓடித் தோல்வி ஆகும், பிறகு தளம் அவரைப் போட்டியிலிருந்து விலக்கிவிடும். திரும்பச் சேர அவரேதான் பட்டனை அழுத்த வேண்டும். எங்களில் ஒரு பிள்ளை இது தெரியாமல் இரண்டு ரவுண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

5. விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

பத்துப் பக்க விதியை யாரும் படிக்க மாட்டார்கள். எங்கள் தாளில் இருந்தவை இவ்வளவுதான். வேறு ஆள், வேறு கருவி, புத்தகம், நல்ல நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் இன்ஜின் மென்பொருள் எதன் உதவியும் கூடாது. ஆட்டம் நடக்கும்போது தாளில் எழுதக் கூடாது. மையத்தில் எல்லாரின் போனும் நடுவரின் பெட்டியில் இருக்கும். கழிப்பறைக்கு ரவுண்டுகளுக்கு இடையில் மட்டும். அவசரம் என்றால் போகலாம், நடுவர் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறிப்பார். நடுவர் எந்த நேரத்திலும் திரையைக் காட்டச் சொல்லலாம், மறுத்தால் அந்த ஆட்டம் தோல்வி. புகாரை ரவுண்டு முடிந்த 10 நிமிடத்துக்குள் பொறுப்பாசிரியர் மூலமாக மட்டும் தர வேண்டும். பெற்றோர் குழுவில் யார்மீதும் சந்தேகம் எழுதக் கூடாது.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதைத் தனியாக எழுதுங்கள். அதிகம் சண்டை வருவது இதில்தான். 2020 ஆகஸ்ட் 30 அன்று சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதியிலேயே இந்திய ஆட்டக்காரர்கள் இரண்டு பேரின் இணைப்பு அறுந்து நேரம் போய், கடைசியில் இந்தியாவையும் ரஷ்யாவையும் கூட்டு வெற்றியாளர் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. அங்கேயே அப்படியென்றால் மஞ்சூரில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நாங்கள் வைத்தது இதுதான்: தனி ஆளின் இணைப்பு அறுந்தால் கடிகாரம் ஓடும், முடிவு எதுவோ அதுதான். ஒரு மையமே மொத்தமாக இருளில் போய், நடுவர் உடனே போனில் சொல்லியிருந்தால் மட்டும் அந்த ஆட்டங்களை இடைவேளையில் மறுபடி ஆடலாம்.

ஆனால் ஒன்று. லீசெஸில் முடிந்த ஆட்டத்தின் முடிவை நீங்கள் மாற்ற முடியாது. மறு ஆட்டத்தின் முடிவு உங்கள் தாளில்தான் ஏறும், அடுத்த ரவுண்டு ஜோடியைத் தளம் பழைய முடிவை வைத்தே போடும். இதையும் விதித்தாளில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

6. திரைச் சோதனை

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். ஸ்கிரீன் ஷேர் வைத்தாயிற்று, இனி ஏமாற்ற முடியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கம்ப்யூட்டரில் பகிரும்போது மூன்று வழி கேட்கும்: ஒரு டேப், ஒரு விண்டோ, முழுத் திரை. டேபையோ விண்டோவையோ பகிர்ந்தால் ஆட்டம் மட்டும் உங்களுக்குத் தெரியும், பக்கத்தில் இன்ஜின் ஓடினாலும் தெரியாது. Entire screen என்பதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். புதிய ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே மாதிரி ஒரு செயலியை மட்டும் பகிரும் வழி வந்துவிட்டது. போன் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

முழுத் திரைதானா என்று கண்டுபிடிப்பது எளிது. கம்ப்யூட்டரில் கீழே டாஸ்க்பாரும் கடிகாரமும் தெரிய வேண்டும். பிள்ளையை ஒரு நிமிடம் டெஸ்க்டாப்புக்குப் போகச் சொல்லுங்கள். உங்கள் பக்கமும் டெஸ்க்டாப் வந்தால் முழுத் திரை. ஆட்டப் பலகையே உறைந்து நின்றால் விண்டோ மட்டும் பகிரப்பட்டிருக்கிறது. போனில் மேலே இருக்கும் அறிவிப்புப் பட்டையைக் கீழே இழுக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

அடுத்து, திறந்திருக்கும் எல்லா டேபையும் மூடச் சொல்லி ஒன்று மட்டும் மீதி இருக்கிறதா என்று பாருங்கள். குரோமில் முகவரிப் பட்டையில் chrome://extensions என்று அடிக்கச் சொன்னால் சேர்க்கப்பட்ட நீட்சிகள் எல்லாம் வரும், செஸ் சம்பந்தமாக எது இருந்தாலும் அணைக்க வேண்டும். இதற்கு ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். எனவே வீட்டிலிருந்து ஆடும் ஐந்து பேரை 9:40-க்கே வரச் சொல்லுங்கள். முதல் ரவுண்டு லிங்கின் 40 நிமிடத்தை இதில் தீர்த்துவிடாமல் சோதனைக்கென்று தனி லிங்க் வையுங்கள்.

ஸ்கிரீன் ஷேர் காட்டுவது ஒரு கருவியின் திரையை மட்டும்தான். மேசைக்குக் கீழே இன்னொரு போன் இருந்தால் அது காட்டாது. அதற்குத்தான் இரண்டாவது கேமரா. வீட்டிலிருந்து ஆடுபவருக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால், ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி ஒரு போனை நிறுத்த வேண்டும். ஒரே படத்தில் இரண்டு கையும், ஆடும் திரையும், முகத்தின் ஒரு பக்கமும் வர வேண்டும். முகத்துக்கு நேரே வைத்த கேமராவில் கை தெரியாது, அதனால் பயனில்லை.

வீட்டில் ஒரே போன்தான் என்றால்? எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் இதுதான் நிலைமை. அந்தப் பிள்ளையைப் போட்டியிலிருந்து தள்ளாதீர்கள். முடிந்தவரை மையத்துக்குக் கொண்டுவர வழி பாருங்கள், பஸ் காசைப் போட்டிச் செலவில் சேருங்கள். அதுவும் முடியாவிட்டால், ரவுண்டு தொடங்கும் முன் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை போனுக்கு எதிரே பிடிக்கச் சொல்லுங்கள். முன்பக்கக் கேமராவிலேயே திரையும் அதைச் சுற்றியுள்ள மேசையும் கண்ணாடியில் தெரியும். அப்படியே கண்ணாடியைத் திருப்பி மடியையும் காட்டச் சொல்லலாம். முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஆனால் எங்கள் பிள்ளை ஒருத்தி ஐந்து ரவுண்டும் இப்படிக் காட்டிவிட்டு ஆடினாள், யாருக்கும் புகார் வரவில்லை.

ஜூமில் பல பேர் ஒரே நேரத்தில் திரை பகிரலாம் என்று ஹோஸ்ட் அமைப்பில் மாற்ற முடியும். ஆனால் போனில் பார்க்கிற நடுவருக்கு ஒரு திரைதான் தெரியும். நடுவர் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று பிள்ளைகள். ஐந்து பேருக்கு நாங்கள் இரண்டு நடுவர்களைத் தனித்தனிக் கூட்டத்தில் வைத்தோம். கம்ப்யூட்டரில் பதிவு செய்வது இலவசக் கணக்கிலும் முடியும். பதிவு ஓடுகிறதா என்று ஒவ்வொரு ரவுண்டிலும் பாருங்கள், எங்களுக்கு ஒரு ரவுண்டு பதிவாகாமலே போனது.

7. முடிவுக்கு ஆதாரம்

ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக ஏற்காதீர்கள். பிரவுசரிலேயே எழுத்தை மாற்றிப் படம் எடுக்க ஒரு நிமிடம் போதும், ஒன்பதாம் வகுப்புப் பையன் எனக்கே செய்து காட்டினான். ஆட்டத்தின் லிங்கை மட்டும் கேளுங்கள். அது தளத்தில் இருப்பது, யாராலும் மாற்ற முடியாது.

ஒவ்வொரு ரவுண்டிலும் மைய நடுவர் ஒரு தாளில் போர்டு எண், இரு பயனர் பெயர், முடிவு எழுதிப் பிள்ளைகளின் கையெழுத்து வாங்கட்டும். போட்டி முடிந்ததும் எல்லா ஆட்டத்தையும் கடிகார நேரத்தோடு இறக்கி வையுங்கள். போட்டிப் பக்க முகவரியின் கடைசியில் இருக்கும் எட்டு எழுத்துதான் அதன் அடையாளம். கீழே `AbCd1234` என்ற இடத்தில் அதைப் போட்டு, கம்ப்யூட்டரின் Command Prompt-இல் இந்த வரியை அடியுங்கள்.

```
curl "https://lichess.org/api/swiss/AbCd1234/games?clocks=true" -o games.pgn
```

இந்தக் கோப்பில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் `[%clk 0:07:27]` என்பது போல மிச்ச நேரம் இருக்கும். ஒரு நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம் எடுத்தார் என்று கணக்கிடும்போது கூடுதல் 5 விநாடியை மறந்துவிடாதீர்கள். முந்தைய மிச்சம் 7:31, இப்போது 7:27 என்றால் 4 விநாடி என்று தோன்றும். உண்மையில் 9 விநாடி. கணக்கு ஆசிரியரான நானே முதலில் இதைத் தப்பாகப் போட்டேன்.

8. சந்தேகம் வந்தால் எப்படி ஆராய்வது

முதல் போட்டியில் நாங்கள் தவறாகச் சந்தேகப்பட்ட பெண்ணின் ஆட்டம் இதுதான். வெள்ளைக் காய் அவளுடையது.

```
1. e4 e5 2. Nf3 d6 3. Bc4 Bg4 4. Nc3 g6
5. Nxe5 Bxd1 6. Bxf7+ Ke7 7. Nd5#
```

ஐந்தாவது நகர்த்தலில் ராணியை அப்படியே விட்டுவிட்டுக் குதிரையைத் தூக்குகிறாள். எதிரணிப் பெற்றோர் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்து, "எந்தச் சின்னப் பிள்ளை சார் ராணியைக் குடுக்கும்? கம்ப்யூட்டர் சொல்லாம அந்த மூவ் வராது" என்றார். ஆட்டம் முடிந்த பிறகு தளத்திலேயே கேட்டுப் பார்க்கும் கம்ப்யூட்டர் ஆய்வில் அவளுடைய துல்லியமும் நூறை ஒட்டி வந்தது. நீக்கிவிடலாம் என்று மூன்று பேர் பேசி முடித்தும்விட்டோம். மறுநாள் காலை கூடலூர்ப் பயிற்சியாளரிடம் காட்டினால், "இது லீகல் மேட், சார். ராணியைக் குடுத்து மேட் பண்ற பழைய பொறி. ரெண்டாவது வாரமே சொல்லிக் குடுக்கறது" என்றார். அவளைக் கூப்பிட்டுக் கேட்டோம். பலகையை எடுத்து, பிஷப் ராணியை எடுக்காமல் சிப்பாயால் குதிரையை எடுத்திருந்தால் தான் என்ன செய்திருப்பேன் என்பதையும் சேர்த்து அடுக்கிக் காட்டினாள். நாங்கள் மூன்று பேரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அதனால் துல்லிய எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குட்டி ஆட்டத்திலும், எதிராளி பெரிய தப்பு செய்த ஆட்டத்திலும், மனப்பாடத் திறப்பிலும் அது யாருக்கும் உயரும். 25 நகர்த்தலுக்கு மேல் போன ஆட்டமாகவும், இரண்டு பக்கமும் நெருக்கடியான நிலையாகவும் இருந்தால் மட்டுமே அந்த எண்ணுக்கு ஏதாவது பொருள் உண்டு. அப்போதும் அது ஆராயத் தொடங்கக் காரணம், அவ்வளவுதான்.

இரண்டாவது போட்டியில் நடந்தது வேறு. வீட்டிலிருந்து ஆடிய ஒரு மாணவனின் நான்காவது ரவுண்டு ஆட்டம் 34 நகர்த்தல். துல்லியம் மிக அதிகம். நேரத்தைக் கணக்கிட்டோம். எட்டாவது நகர்த்தலிலிருந்து கடைசி வரை எல்லாமே 7 முதல் 11 விநாடிக்குள். 21-ஆவது நகர்த்தலில் எதிராளி அவன் யானையை எடுத்தான், திரும்ப எடுப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அதற்கும் 9 விநாடி. மூன்று வாரத்தில் அவன் ஆடிய பயிற்சி ஆட்டங்களைப் பார்த்தோம். திரும்ப எடுக்க ஒரு விநாடி, சிக்கலான இடத்தில் 40 விநாடி, ஒரு நிமிடம். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் ஆடுவார்கள். சுலபமான நகர்த்தலுக்கும் கஷ்டமான நகர்த்தலுக்கும் ஒரே நேரம் எடுப்பது, ஒவ்வொன்றையும் வேறு எங்கோ போய்ப் பார்த்துவிட்டு வருகிறார் என்பதற்கு அறிகுறி.

பிறகு பதிவை ஓட்டினோம். முதல் மூன்று ரவுண்டில் முழுத் திரை. நான்காவதில் இணைப்பு அறுந்து திரும்ப வந்தபோது விண்டோவை மட்டும் பகிர்ந்திருந்தான், நடுவர் மறுபடி சோதிக்கவில்லை. எதிராளி நகர்த்திய ஒவ்வொரு முறையும் மவுஸ் அம்பு இடது ஓரம் போய் மறைந்து, சில விநாடி கழித்து வந்தது. அன்றிலிருந்து எங்கள் விதியில் ஒரு வரி சேர்ந்தது: இணைப்பு அறுந்து வந்தால் சோதனை முதலிலிருந்து.

9. முடிவெடுப்பதும் சொல்வதும்

மூன்று பேர் குழு வையுங்கள், அந்த ஆட்டத்தில் சம்பந்தப்பட்ட இரு பள்ளி ஆசிரியரும் அதில் இருக்கக் கூடாது. அன்றே அறிவிக்காதீர்கள். பரிசுப் பட்டியல் 48 மணி நேரம் கழித்து வரும் என்று விதித்தாளிலேயே எழுதியிருந்தால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

அந்த மாணவனிடம் அவன் வகுப்பாசிரியரும் அம்மாவும் கூட இருக்கும்போது பேசினோம். "ஏமாத்துனியா" என்று கேட்கவில்லை. 19-ஆவது நகர்த்தலுக்கு முந்தைய நிலையைப் பலகையில் வைத்து, இங்கே என்ன யோசித்தாய் கண்ணா என்று கேட்டோம். அவனால் சொல்ல முடியவில்லை. மறுநாள் தானாகவே வகுப்பாசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டான். பலகையில் விளக்கத் தடுமாறுவதை மட்டும் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பயந்த பிள்ளைக்கு வாய் வராது. நேரக் கணக்கு, பதிவு, பலகை விளக்கம் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும் என்பது எங்கள் அளவுகோல்.

அந்த ஆட்டத்தின் புள்ளியை எதிராளிக்குக் கொடுத்தோம், அவனை அந்தப் போட்டியின் பட்டியலிலிருந்து எடுத்தோம். பட்டியலில் "விலகினார்" என்று மட்டும் எழுதினோம். அடுத்த போட்டிக்கு வரலாம், ஆனால் மையத்தில்தான் ஆட வேண்டும். தளத்தில் பழைய முடிவு அப்படியே இருக்கும் என்பதால், இறுதிப் பட்டியலை நாங்கள் கையால் தயாரித்து, எந்த ஆட்டம் திருத்தப்பட்டது என்று அடிக்குறிப்போடு எல்லாப் பள்ளிக்கும் அனுப்பினோம். மேல்முறையீட்டுக்கு இரண்டு நாள் கொடுத்தோம், யாரும் கேட்கவில்லை.

10. செலவும் கணக்கு முடிப்பும்

எங்களுக்கு மொத்தம் 4,310 ரூபாய் ஆனது. கோப்பையும் சான்றிதழும் 2,600, ஐந்து மையத்துக்கும் மாற்று இணைப்பாக ஹாட்ஸ்பாட் போனுக்கு டேட்டா ரீசார்ஜ் 500, பிள்ளைகளுக்கு டீ, பன் 840, பஸ் காசு 250, ஜெராக்ஸ் 120. நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை, இரண்டு பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகம் பகிர்ந்துகொண்டது. தளத்துக்கும் ஜூமுக்கும் ஒரு பைசா இல்லை.

முடிந்த பிறகு நடுவர் தாள்கள், ஒப்புதல் கடிதங்கள், games.pgn மூன்றையும் ஒரு வருடம் வைத்திருங்கள். கேமரா, திரைப் பதிவுகளை மட்டும் மேல்முறையீட்டு நாள் கழிந்து 30 நாளில் அழித்துவிடுங்கள். நடுவர்களின் கம்ப்யூட்டரிலும் அழித்தார்களா என்று கேளுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். அழித்த தேதியை எழுதி ஒப்புதல் தந்த பெற்றோருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டால் அந்தப் போட்டியின் வேலை முடிந்தது.